கார்டு இல்லை, காசு உண்டு

டிசம்பர் கடைசி வாரம். ஸ்டீம் கடையில் குளிர்காலத் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவர், ஆறு மாதமாகக் கண் வைத்திருந்த விளையாட்டின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருப்பதைப் பார்க்கிறார். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது, கையில் டெபிட் கார்டும் இருக்கிறது. பதினாறு எண்களையும் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறார். திரையில் சிவப்புப் பட்டை வந்து, பணம் ஏற்கப்படவில்லை என்கிறது. மறுபடி தட்டினாலும் அதே பட்டைதான்.

இப்படி மாட்டிக்கொள்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது ஸ்டீமை; அடுத்தது தங்கள் நெட் இணைப்பை. பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. 2020 ஜனவரி 15 அன்று ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அது அதே ஆண்டு மார்ச் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, புதிதாகக் கொடுக்கப்படும் டெபிட், கிரெடிட் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடைகளின் ஸ்வைப் இயந்திரத்திலும் மட்டும்தான் வேலை செய்யும் நிலையில் கைக்கு வரும். ஆன்லைனில் பயன்படுத்த வேண்டுமென்றால் வங்கிச் செயலியில் போய் அதைத் திறந்துவிட வேண்டும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு இன்னொரு தனிச் சாவி. அதுவரை ஆன்லைனிலோ வெளிநாட்டுக்கோ ஒருமுறைகூடப் பயன்படாத பழைய கார்டுகளுக்கும் அந்த வசதிகளை அடைத்துவிடச் சொன்னது அந்த உத்தரவு. திருட்டைத் தடுக்க எடுத்த நல்ல முடிவுதான். ஆனால் தள்ளுபடி முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது இந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தேடுகிறவருக்கு அது தெரியாது.

சாவியைத் திறந்தாலும் சில கார்டுகள் போகாது. ஜன்தன் கணக்கோடு கிடைத்த ரூபே கார்டு உள்ளூர் வேலைக்கு அருமையானது. விசாவையும் மாஸ்டர்கார்டையும் எதிர்பார்த்து நிற்கும் வெளிநாட்டுக் கடைகள் பலவற்றுக்கு அது அறிமுகமே இல்லாத ஆள். இன்னொரு சிக்கல் ஓடிபி. இந்தியாவில் ஆன்லைனில் கார்டு போட்டால் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். பல வெளிநாட்டுக் கடைகளின் பணப் பக்கத்தில் அந்தப் படியே கிடையாது. கடை ஓடிபி கேட்பதில்லை, ஓடிபி இல்லாமல் சில வங்கிகள் விடுவதில்லை. நடுவில் நிற்பவருக்குச் சிவப்புப் பட்டை.

இதற்காகப் போய் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம், கணினி விளையாட்டுகளின் மிகப் பெரிய கடை. 2015 நவம்பரில் அது இந்தியாவுக்கு ரூபாயில் விலை போடத் தொடங்கியது. அதற்கு முன்பு எல்லாம் டாலர் கணக்கு. அதோடு வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் வேறு. ரூபாய் வந்த பிறகு உள்ளூர் வழிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. இன்று அவற்றில் மிகவும் பயன்படுவது யுபிஐ.

விளையாட்டைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் எந்த வழியில் கட்டுகிறீர்கள் என்று ஒரு பட்டியல் விரியும். அதில் UPI என்பதைத் தேர்ந்தால் ஸ்டீம் பக்கத்தை விட்டு வேறொரு பக்கத்துக்குப் போவோம். பயந்துவிட வேண்டாம். வால்வுக்கு இந்தியாவில் வங்கிக் கவுன்டர் கிடையாது. அதன் சார்பில் இங்கே ரூபாயாக வசூலித்து அங்கே அனுப்பும் ஓர் இடைநிலைக் கட்டண நிறுவனத்தின் பக்கம் அது. கணினித் திரையில் வரும் கியூஆர் கோடை ஜிபேயிலோ போன்பேயிலோ ஸ்கேன் செய்யலாம். போனில் பணம் பெறுபவர் பெயராக வால்வுக்குப் பதில் அந்த நிறுவனத்தின் பெயர் தெரியலாம். பெயரைவிடத் தொகையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்: ஸ்டீம் காட்டிய தொகையும் போன் காட்டும் தொகையும் பைசா பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு யுபிஐ பின். ஸ்டீம் பக்கம் தானாகத் திரும்பி வந்து ரசீதைக் காட்டும்வரை அந்த ஜன்னலை மூடக் கூடாது.

மூடிவிடுகிறவர்கள்தான் அடுத்த வகைச் சிக்கலில் மாட்டுகிறார்கள். வங்கியிலிருந்து பணம் போய்விட்டதாக எஸ்எம்எஸ் வரும்; ஸ்டீமிலோ விளையாட்டு வந்திருக்காது. பதற்றத்தில் இரண்டாவது முறை கட்டிவிடுவது சகஜம். அதைச் செய்யாமல், ஸ்டீம் கணக்கின் கொள்முதல் வரலாற்றைப் பார்க்க வேண்டும். அங்கே அந்தப் பரிவர்த்தனை நிலுவையில் என்று நின்றால், பணம் வழியில் இருக்கிறது. சில நிமிடங்களிலோ, அரிதாகச் சில நாட்களிலோ முடியும். வரலாற்றில் அதன் சுவடே இல்லையென்றால், கடைக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதி துணைக்கு வரும்: யுபிஐயில் வணிகருக்குக் கட்டிய பணம் பிடிக்கப்பட்டு, வணிகரிடம் உறுதி ஆகவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு வங்கி கொடுக்க வேண்டும். புகார் கொடுக்க வேண்டிய இடம் யுபிஐ செயலியும் வங்கியும். கூகுளில் தேடி எடுக்கும் ஸ்டீம் கஸ்டமர் கேர் எண் எல்லாம் போலி. ஸ்டீமுக்குத் தொலைபேசி உதவியே கிடையாது. அதன் உதவி எல்லாம் இணையப் பக்கத்தில்தான்.

வீட்டில் யுபிஐ அப்பாவின் போனில் இருக்கும், விளையாட்டு பையனின் கணினியில் இருக்கும். அதில் ஒரு நல்லதும் உண்டு. ஸ்டீமில் கார்டைச் சேமித்துவைத்தால் அடுத்த வாங்கல் ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். யுபிஐயிலோ ஒவ்வொரு முறையும் அப்பாவின் கையில் போன் போய்ப் பின் விழ வேண்டும். எவ்வளவு கட்டுகிறோம் என்று அவர் பார்க்காமல் இருக்க வழியில்லை. பிள்ளைகள் அடிக்கடி வாங்குவதைத் தவிர்க்க நினைக்கும் பெற்றோர், விளையாட்டை நேரடியாக வாங்காமல் ஸ்டீம் வாலட்டில் மாதம் ஒரு தொகை போட்டுவிடுகிறார்கள். பொருட்காட்சியில் டோக்கன் வாங்கிக் கொடுத்த மாதிரி: அந்த வளாகத்துக்குள் செல்லும், வெளியே செல்லாது. வாலட் பணத்தை வங்கிக்குத் திருப்ப முடியாது, இன்னொரு ஸ்டீம் கணக்குக்கு மாற்றவும் முடியாது.

இந்த வாலட்தான் கார்டு இல்லாதவர்களின் முழுக் கதைக்கும் மையம். அதற்கு ஒரு நாடும் ஒரு நாணயமும் உண்டு. இந்தியக் கணக்கின் வாலட் ரூபாயில் இருக்கும். அந்தக் கணக்குக்குக் காட்டப்படும் விலையும், அது ஏற்கும் கட்டண வழிகளும் நாட்டைப் பொறுத்தே அமையும். பாக் நீரிணையைத் தாண்டினால் இதன் பொருள் பளிச்சென்று தெரியும்.

இலங்கை ரூபாயில் ஸ்டீமில் விலை கிடையாது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒருவருடைய ஸ்டீம் வாலட் அமெரிக்க டொலரில் இருக்கும். தெற்காசியாவுக்கென்று ஸ்டீம் தனியாக ஒரு டொலர் விலைப் பட்டியல் வைத்திருக்கிறது. விளையாட்டு நிறுவனங்கள் விரும்பினால் அமெரிக்காவைவிடக் குறைவான விலையை அதில் போடலாம். பலர் போடுகிறார்கள், எல்லோரும் இல்லை. விலை குறைந்தாலும் டொலர் டொலர்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதம் சுமார் 360. 15 டொலர் விளையாட்டொன்று 3,000 ரூபாயில் இருந்து 5,400 ரூபாய்க்கு ஏறியது, விளையாட்டின் விலை ஒரு சதம்கூட ஏறாமல். அந்த மாதங்களில் வங்கிகளிடம் டொலரே இல்லை.

இந்தியர்களுக்கு யுபிஐ இலங்கைக்குள்ளும் வந்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல் கொழும்பில் இறங்கும் சென்னைக்காரர் லங்கா கியூஆர் பலகையை ஸ்கேன் செய்து தேநீருக்குப் பணம் கொடுக்கலாம். அது இந்தியப் பயணிக்கான வழி. இலங்கையில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கு அதனால் ஸ்டீமில் எந்தக் கதவும் திறக்கவில்லை. வெளிநாட்டில் செல்லும் கார்டு இல்லாத இளைஞருக்கு எஞ்சியிருப்பது இரண்டு வழி: உள்ளூர்க் கடையில் ரூபாய் கொடுத்து ஸ்டீம் வாலட் கோட் வாங்குவது, அல்லது வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்பது.

யாழ்ப்பாணத்தில் இரண்டாவது வழிக்குப் பஞ்சமில்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு மாமாவாவது இல்லாத வீடு குறைவு. அந்த மாமாவிடம் ஸ்டீமில் செல்லும் கார்டு இருக்கிறது, அனுப்ப மனமும் இருக்கிறது. அப்படியானால் வேலை எளிது என்று தோன்றும். நடைமுறையில் அது இப்படித் தொடங்குகிறது:

“மாமா, நான் உங்களுக்கு ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பேலாமக் கிடக்கு. நீங்கள் அனுப்பிப் பாருங்கோ.”

“நானும் இப்பதானே தம்பி எக்கவுண்ட் துறந்தனான். எனக்கும் விடுதில்லை.”

இரண்டு பேருக்கும் விடாததற்குக் காரணம் ஸ்டீமின் ஐந்து டொலர் விதி. ஸ்டீமில் மொத்தம் ஐந்து அமெரிக்க டொலருக்காவது செலவழிக்காத கணக்கை அது வரையறுக்கப்பட்ட கணக்கு என்று வைத்திருக்கிறது. போலிக் கணக்கு திறந்து பிறரைத் தொல்லைப்படுத்துவோரை அடக்கக் கொண்டுவந்த ஏற்பாடு. அப்படிப்பட்ட கணக்கிலிருந்து நண்பர் அழைப்பு அனுப்ப முடியாது. பிறர் அனுப்பினால் ஏற்கலாம். மருமகன் இன்னும் எதுவும் வாங்கவில்லை, மாமா நேற்றுத்தான் கணக்குத் திறந்தார். இரண்டு பூட்டிய கதவுகள் எதிரெதிரே.

மாமா தன் கார்டில் ஐந்து டொலருக்குக் குறையாமல் செலவழித்துவிட்டால் அவர் பக்கக் கதவு திறந்துவிடும். வாலட்டில் போட்டாலும் கணக்கில் சேரும். பிறகு அவர் அழைப்பு அனுப்புவார், மருமகன் ஏற்பார். அதோடு முடியவில்லை. ஸ்டீமின் டிஜிட்டல் கிஃப்ட் கார்டை நண்பருக்கு மட்டும்தான் அனுப்பலாம். அந்த நட்பும் குறைந்தது மூன்று நாள் பழையதாக இருக்க வேண்டும். இன்று நட்பாகி இன்றே அனுப்ப நினைத்தால் பட்டியலில் மருமகனின் பெயர் தேர்வாகாது. எனவே தள்ளுபடி தொடங்கிய பிறகு மாமாவுக்குச் சொல்வதைவிட, ஒரு வாரம் முன்பே நட்பாகிவிடுவது புத்தி. இன்னொன்று: மாமா தன் வாலட்டில் போட்ட பணத்தைக்கொண்டு கிஃப்ட் கார்டு வாங்க முடியாது. கார்டு போன்ற வெளிக் கட்டண வழியில்தான் அதை வாங்க வேண்டும். கதவைத் திறக்கப் போட்ட ஐந்து டொலரில் மாமா தனக்கென்று ஏதாவது ஒரு விளையாட்டு வாங்கி ஆடிக்கொள்ளலாம். சீட்டாட்டமும் கிடைக்கிறது.

மூன்று நாள் கழிந்தது. அமெரிக்க டொலர் கணக்கில் சொன்னால் 5, 10, 25, 50, 100 என்று குறிப்பிட்ட தொகைகளில்தான் இந்த டிஜிட்டல் கார்டு வரும். மாமா அமெரிக்காவில் இருந்தால் கணக்கு நேரடியானது. 25 டொலர் அனுப்பினால் மருமகன் வாலட்டில் 25 டொலர் விழும், 14.99 டொலர் விளையாட்டை வாங்கிய பின் 10.01 டொலர் மீதி நிற்கும். மாமா கனடாவில் இருந்தால் அவர் கனேடிய டொலரில் கட்டுவார். ஸ்டீம் அன்றைய மாற்று விகிதத்தில் அதை அமெரிக்க டொலராக்கி மருமகனிடம் சேர்க்கும். அதனால் கைக்கு வருவது ஒரு முழு எண்ணாக இருக்காது. 15 டொலர் தேவை என்றால் சரியாக 15 டொலருக்குக் கணக்குப் பார்க்காமல், சற்றுக் கூடுதலாக அனுப்பச் சொல்ல வேண்டும். பத்துக் காசு குறைந்தாலும் வாங்க முடியாது. அந்தப் பத்துக் காசைப் போட மருமகனிடம் வேறு வழி இல்லை.

நட்பு, மூன்று நாள், பூட்டுக் கதவு எதுவும் வேண்டாமென்றால் மாமா ஊர்க் கடைக்குப் போகலாம். அங்கே பல்பொருள் அங்காடியில் தொங்கும் ஸ்டீம் கிஃப்ட் கார்டை வாங்கி, பின்பக்கம் சுரண்டி, கோடைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். மருமகன் store.steampowered.com/account/redeemwalletcode என்ற பக்கத்தில் அதைத் தட்டுவார். கணக்கில் இதற்கு முன் வாலட்டே இல்லையென்றால் ஸ்டீம் முதலில் முகவரி கேட்கும். எந்த நாணயத்தில் வாலட் திறப்பது என்று முடிவு செய்யத்தான். அதில் உண்மையான முகவரியைக் கொடுக்க வேண்டும். கோட் கனேடிய டொலரில் இருந்தாலும் பொதுவாக வாலட்டின் நாணயத்துக்கு மாற்றி ஏற்றுக்கொள்கிறது. கடைக் கார்டில் கவனிக்க வேண்டியது ஒன்று: தொங்கும்போது அது வெறும் அட்டை. காசாளர் ஸ்கேன் செய்த பிறகுதான் அதில் பணம் உயிர் பெறும். சுரண்டும் பூச்சு ஏற்கெனவே கீறியிருந்தால் வாங்கக் கூடாது. ரசீதைக் கோட் ஏறும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சிக்கல் வந்தால் ஸ்டீம் கேட்கும் சான்று அதுதான்.

கோட் ஏறவில்லை என்று புகார் சொல்பவர்களில் பலர் தவறான பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். ஸ்டீமில் இரண்டு வகை எண்வரிசை உண்டு. ஒன்று வாலட் கோட்: பணமாக விழும். இன்னொன்று விளையாட்டின் சாவி, கீ என்பார்கள்: குறிப்பிட்ட ஒரு விளையாட்டை நூலகத்தில் சேர்க்கும். இரண்டும் எழுத்தும் எண்ணுமாக, நடுவே கோடு போட்டு ஒரே மாதிரி இருக்கும். வாலட் கோடைச் சாவிப் பக்கத்தில் போட்டால் தவறு என்று சொல்லும். திரும்பத் திரும்பப் போட்டால் அளவுக்கு மீறி முயன்றதாகச் சிறிது நேரம் தடுத்துவைக்கும். ஓ என்ற எழுத்தா பூஜ்யமா என்ற குழப்பமும் சாதாரணம். வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, மாமாவை இரவு இரண்டு மணிக்கு எழுப்புவதைவிட எளிது.

பணமாக அனுப்பாமல் மாமா விளையாட்டையே வாங்கிப் பரிசாக அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம், சில சமயம். 2017இல் ஸ்டீம் பரிசு விதியை மாற்றியது. அனுப்புபவர் நாட்டிலும் பெறுபவர் நாட்டிலும் அந்த விளையாட்டின் விலை பெரிதாக வேறுபட்டால் பரிசு போகாது. விலை அதிகமான கனடாவில் வாங்கி இலங்கைக்கு அனுப்புவதில் யாருக்கும் குறையில்லை, தடுக்கப்படுவது மறுதிசைதான். இந்திய ரூபாயில் மலிவாகக் கிடைப்பதைத் திருச்சியிலிருந்து ரொறன்ரோவுக்குப் பரிசாக அனுப்பப் பார்த்தால் அந்தப் பெயர் தேர்வாகாது.

இங்கேதான் மலிவைத் தேடும் சபலம் எட்டிப் பார்க்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் ஸ்டீம் விலை உலகிலேயே மிகக் குறைவு. அந்த நாடுகளின் நாணயம் சரிந்துகொண்டே போக, பழைய விலை அப்படியே நின்றது. விபிஎன் போட்டுத் துருக்கியில் இருப்பதாகக் காட்டி, துருக்கி லிரா வாலட் கோடுகளை இணையத்தில் வாங்கி ஏற்றி, உலகம் முழுக்கப் பலர் விளையாட்டு வாங்கினார்கள். தமிழர்களும் விலக்கில்லை. 2023 நவம்பர் 20 அன்று ஸ்டீம் இரண்டு நாடுகளையும் டாலருக்கு மாற்றியது. லிராவிலும் பெசோவிலும் இருந்த வாலட்டுகள் டாலராயின, விலைகள் ஏறின. நாடு மாற்றுவதற்கான விதியும் அதற்கு முன்பே இறுகிவிட்டது: புதிய நாட்டின் கட்டண வழியில் ஒன்றை வாங்கினால்தான் கணக்கின் நாடு மாறும், மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் மாற்ற முடியாது. இருப்பிடத்தை மறைத்து வாங்குவது ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு எதிரானது. பிடிபட்டால் போவது அந்த ஒரு விளையாட்டு மட்டுமல்ல. பத்தாண்டு சேர்த்த நூலகம் உள்ள கணக்கே முடங்கலாம். சாதாரண வாங்குபவருக்கு நஷ்டம் இதில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால்தான் துணிகிறார்கள்.

இன்னொரு சபலம் சாவி விற்கும் இடைத்தரகுச் சந்தைகள். யார் வேண்டுமானாலும் விளையாட்டுச் சாவியைக் கொண்டுவந்து விற்கலாம். அங்கே கட்ட உள்ளூர் வழிகள் தாராளமாக இருக்கும். விலையும் ஸ்டீமைவிடக் குறைவாகத் தெரியும். கார்டு இல்லாதவருக்கு இது வரப்பிரசாதம்போலத் தோன்றும். அந்தச் சாவி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. செக் குடியரசின் தலைநகர் பிராகில் இருக்கும் வூப் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் ‘ஃபாக்டோரியோ’ என்ற விளையாட்டைச் செய்தது. 2016இல் திருட்டுக் கார்டுகளைக்கொண்டு யாரோ அதன் இணையதளத்தில் சாவிகளை அள்ளினார்கள். கார்டுக்குச் சொந்தக்காரர்கள் புகார் கொடுக்க, வங்கிகள் பணத்தைத் திரும்பப் பிடுங்கின. அதற்கான தண்டத் தொகையையும் வூப்தான் கட்டியது. அள்ளிய சாவிகள் ஜி2ஏ என்ற சந்தையில் விற்றன. திருட்டுச் சாவி என்று நிரூபித்தால் நஷ்டத்தின் பத்து மடங்கு தருவதாக ஜி2ஏ 2019இல் சவால் விட்டது. முன்வந்தது வூப் மட்டும்தான். விசாரணையில் 198 சாவிகள் திருட்டு என்று உறுதியானது. 2020இல் ஜி2ஏ 39,600 டாலர் கட்டியது.

வூப்புக்குப் பணம் வந்தது. திருட்டுச் சாவியை நல்லெண்ணத்தில் வாங்கியவர் நிலை வேறு. விளையாட்டு நிறுவனம் அந்தச் சாவியை ரத்து செய்தால், ஒரு காலை நூலகத்தைத் திறக்கும்போது விளையாட்டு இருக்காது. ஸ்டீமிடம் கேட்டால், நீங்கள் எங்களிடம் வாங்கவில்லையே என்பார்கள். இதே காரணத்தால் சமூக ஊடகக் குழுக்களில் 2,000 ரூபாய் வாலட் கோடை 1,400க்குத் தருகிறேன் என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. பணத்தைப் பணமாக விற்பவர் ஏன் நஷ்டத்துக்கு விற்க வேண்டும்? திருட்டுக் கார்டில் வாங்கியதாக இருக்கலாம், ஏற்கெனவே யாரோ ஏற்றிய கோடாக இருக்கலாம். கோடைத் தட்டிய உடனே வேறொரு கணக்கில் ஏறிவிட்டது என்று வந்தால் அந்தப் பணம் போனதுதான். உள்ளூர்க் கடையில் வாங்குபவர்கள் கடைக்காரர் முன்னாலேயே போனில் கோடை ஏற்றிப் பார்த்துவிட்டு எழுந்து வருவது நல்ல பழக்கம்.

பிளேஸ்டேஷன்காரர்களுக்கு விதி இன்னும் கறாரானது. ஸ்டீம் வேறு நாணயக் கோடை மாற்றி ஏற்றுக்கொள்ளும், சோனி ஏற்காது. இந்தியாவில் திறந்த கணக்குக்கு இந்திய கோட் மட்டும், அமெரிக்காவில் திறந்ததற்கு அமெரிக்க கோட் மட்டும். கணக்கின் நாட்டைப் பிற்பாடு மாற்றவும் முடியாது. இந்தியாவில் இது பெரிய தொல்லையில்லை: ரூபாயில் பிளேஸ்டேஷன் கிஃப்ட் கார்டுகள் ஆன்லைன் கடைகளில் யுபிஐக்குக் கிடைக்கின்றன, பன்னிரண்டு எழுத்துக் கோடைத் தட்டினால் வேலை முடிந்தது. இலங்கை, சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவை இருக்கும் நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. அங்கே பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்த நாட்டுக் கார்டையே வாழ்நாள் முழுக்க வாங்குகிறார்கள். அமெரிக்கக் கணக்காக இருந்தால், 59.99 டொலர் விளையாட்டுக்கு 60 டொலர் கார்டு போதும் என்று நினைக்கக் கூடாது. கணக்கில் கொடுத்த மாநிலத்தைப் பொறுத்து விற்பனை வரி சேரும். சில டொலர் குறைந்து நிற்கும்.

பட்டியலில் இல்லாத நாட்டில் இருப்பதன் விலை 2024 மேயில் தெரிந்தது. ‘ஹெல்டைவர்ஸ் 2’ என்ற விளையாட்டைக் கணினியில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவை இல்லாத 177 நாடுகள், பிரதேசங்களில் ஸ்டீமில் அதன் விற்பனை நின்றது. ஸ்டீமில் முறைப்படி டொலர் கொடுத்து வாங்கியவர்களுக்கே இந்த நிலை. ஆட்டக்காரர்கள் லட்சக்கணக்கில் எதிர்மறை விமர்சனம் எழுத, சில நாட்களில் சோனி அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

கடைசியாக, வாங்கியது பிடிக்கவில்லையென்றால். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். கட்டிய வழிக்கே திருப்பச் சொல்லலாம் அல்லது வாலட்டில் போடச் சொல்லலாம். அந்த வழி பணத்தைத் திரும்ப ஏற்காது என்றால் வாலட்டில்தான் விழும். வாலட் பணத்தில் வாங்கியதும் வாலட்டுக்கே திரும்பும். கோட் போட்டு ஏற்றிய பணத்தைப் பணமாகத் திரும்பக் கேட்க முடியாது. மருமகன் 14.99 டொலர் விளையாட்டை ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டு வேண்டாம் என்றால், அந்த 14.99 அவர் வாலட்டில் பழைய 10.01உடன் சேர்ந்து மறுபடி 25 ஆகும். மாமாவின் கனேடியக் கார்டுக்கு அது போகாது. அடுத்த பெரிய தள்ளுபடி மார்ச்சில்.